மொத்தத்திலிருந்து பில் வரை: டிரில் டவுனா, டிரில் த்ரூவா?

பவர் பிஐ ரிப்போர்ட்டில் மதுரையின் அக்டோபர் விற்பனை குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே குறைந்தது என்று தேட டிரில் டவுன் போதும். மாவட்டம், ஊர், கடை என்று அடுக்கி வைத்தால் அதே சார்ட்டுக்குள்ளேயே இறங்கிப் போகலாம். ஆண்டு, மாதம் என்ற அடுக்கில் மட்டும் கவனம் தேவை: இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் எல்லா ஆண்டுகளின் அக்டோபரும் ஒன்றாகக் கூடிவிடும். ஆண்டு வாரியாகப் பிரிந்து தெரிய, கவைபோல் பிரியும் அம்புக்குறியை அழுத்த வேண்டும்.

அந்த அடுக்கின் அடியில் பில் எண்ணையும் சேர்ப்பவர்கள் உண்டு. வேண்டாம், ஆயிரம் பில் வந்தால் சார்ட்டில் ஒன்றும் படிக்க முடியாது.

பில்லுக்கு டிரில் த்ரூதான் சரி. தனிப் பக்கத்தில் அட்டவணை வைத்து, கடைப் பெயரை Drill through கட்டத்தில் போடுங்கள். பார்ப்பவர் கடையின் மீது ரைட் கிளிக் செய்து அங்கே போவார். இதை யாராவது சொல்லாவிட்டால் பலருக்குத் தெரிவதே இல்லை, அதனால் நான் பட்டன் வைத்துவிடுவேன்.

சார்ட்டில் ரூ. 40,000, பில் பக்கத்தில் ரூ. 4,80,000 என்று வந்தால் முதலில் அந்தப் பக்கத்தின் Keep all filters சுவிட்சைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் கடை மட்டும் கடந்து போகும், அக்டோபர் போகாது. தொகை சரியாக இருந்தும் வரிசைகள் குறைந்தால், அட்டவணையில் பில் எண் இல்லை. ஒரே மாதிரி வரிசைகள் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கும்.