பவர் ஏஜெண்டிடம் இடம் வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்: 11 லட்சம் போச்சு

என் தங்கை கணவர் நேற்று சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து கையை வீசிக்கொண்டு திரும்பினார். கிரயப் பத்திரம் தயார், சாட்சிகள் தயார், மீதிப் பணத்துக்கு டிடி தயார். கணினியைப் பார்த்த பிரிவு உதவியாளர் ஒரே வரியில் முடித்தார்: "இந்த பவர் ஜூன் 18-லயே ரத்தாயிடுச்சே." அதற்குள் 11 லட்சம் கைமாறிவிட்டது.

விற்றது ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகம். பெயர் வேண்டாம், ஊருக்கு நாலு இருக்கிற ரகம். அதை நடத்துகிறவர் பெயரில் மனையின் சொந்தக்காரர் பவர் கொடுத்திருந்தார். அது நிஜமாகவே பதிவான பவர். மே முதல் வாரம் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 2 லட்சம் கொடுத்தார்கள். ஜூலை 9 அன்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, இன்னொரு 9 லட்சம்.

நம்பிக்கை வந்தது அந்த ஜூலை 9-ல்தான். ஏஜெண்ட் ஒரிஜினல் பவரையே மேசையில் விரித்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அலுவலக முத்திரை, சொந்தக்காரர் போட்டோ, கைரேகை. கூடவே மருத்துவர் கொடுத்த உயிர்வாழ் சான்று, தேதி ஜூன் 12. முப்பது நாளுக்குள் இருந்தால் செல்லும், இது 27 நாள். "எல்லாம் கிளியரா இருக்கு தம்பி, உங்க பேர்ல பத்திரம் போட வேண்டியதுதான் பாக்கி" என்றார். இவரும் "சரிண்ணே" என்று 9 லட்சத்தையும் அவர் கணக்கிலேயே போட்டார்.

இரண்டு காகிதமும் போலி இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். உயிர்வாழ் சான்று சொல்வது சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும். கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு செத்துவிடும் என்பதால் அதைக் கேட்கிறார்கள். உயிரோடு இருப்பவர் மனசு மாறியிருக்கிறாரா என்பது அதில் தெரியாது. ஒரிஜினலும் அப்படித்தான். பவரை ரத்து செய்ய ஏஜெண்டின் கையெழுத்து தேவையில்லை. கொடுத்தவர் தானே போய் ரத்து ஆவணத்தைப் பதிவு செய்து, ஏஜெண்டுக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினால் போதும். பழைய தாள் ஏஜெண்டின் பீரோவிலேயே கிடக்கும், அதில் 'ரத்து' என்று யாரும் முத்திரை குத்த வரமாட்டார்கள்.

பவர் என்றால் இடம் கைமாறிவிட்டது என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. ஏஜெண்ட் சொந்தக்காரரின் கை, அவ்வளவுதான். பவர் மூலம் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தக் கையும் எழுதிக்கொடுத்த அளவுக்குத்தான் நீளும்: விற்க ஒப்பந்தம் போட, பணம் வாங்க, கிரயம் எழுதிக்கொடுக்க, பதிவுக்குத் தாக்கல் செய்ய என ஒவ்வொன்றும் பவரில் எழுதியிருக்க வேண்டும். ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் பண உரிமை இருந்தால் மட்டும் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது (ஒப்பந்தச் சட்டம் 202). இங்கே அப்படி எதுவும் இல்லை.

இப்போது அலைக்கழிப்பு. ஏஜெண்ட்: "ரத்துனு எனக்கே தெரியாது தம்பி, ஓனர்கிட்ட பேசிக்கோங்க." தரகர்: "நான் இடத்தைக் காட்டினதோட சரி." ஓனர்: "உங்ககிட்ட நான் பத்து பைசா வாங்கினேனா?" காவல் நிலையத்தில், "சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போங்க."

ரத்து தெரியாமல் பணம் கொடுத்தவருக்கு அதே ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு துணை நிற்கும். ஆனால் ரத்து பதிவாகிவிட்டதே, வில்லங்கம் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு அதே இடத்தில் அடிக்கும். மே மாதம் பவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த 2 லட்சத்துக்காவது ஓனரை இழுக்கலாம். 9 லட்சத்துக்கு ஏஜெண்டைத்தான் துரத்த வேண்டும். ஆக 11 லட்சத்துக்கு இரண்டு பேர் பின்னால் ஓட்டம்.

அவசரமாகச் சிலது சொல்கிறேன், வக்கீல் காத்திருக்கிறார். பணம் கொடுக்கிற அன்று காலையில் tnreginet.gov.in-ல் புதிதாக வில்லங்கம் பாருங்கள், இரண்டு மாதப் பழசு உதவாது. பழைய பவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தின் 4-ஆம் புத்தகத்தில் பதிவாகியிருக்கும், வில்லங்கத்தில் வராது. அந்த அலுவலகத்திலேயே தேடச் சொல்லுங்கள். ஓனரிடம் நேரில் அல்லது வீடியோவில் பேசுங்கள், நம்பரை ஏஜெண்டிடம் வாங்காதீர்கள். பணம் ஓனர் கணக்குக்கு மட்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஜூலை 9 அன்று பதிவுக்குப் போயிருந்தால் அன்றைக்கே அந்தக் கணினி சொல்லியிருக்கும். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டுத்தான் 20 ரூபாய்த் தாளில் எழுதினார்கள்.