இரண்டு மாதச் சலுகையா, ஐந்து சதவீத உச்சவரம்பா?

மார்த்தாண்டத்தில் பேக்கரி வைக்க என் மைத்துனர் கடை பார்த்தார். மாத வாடகை 30,000. கட்டட உரிமையாளர் மஸ்கட்டில் இருப்பதால் பேச்சுவார்த்தை முழுக்க மின்னஞ்சலில்தான். உள்வேலைக்கு இரண்டு மாதம் வாடகை வேண்டாம், ஆண்டு உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இரண்டையும் கேட்டிருந்தோம். ஏதாவது ஒன்றுதான் என்று பதில் வந்தது: இரண்டு மாதம் இலவசம், ஆண்டுக்கு 7 சதவீத உயர்வு, அல்லது இலவசம் கிடையாது, 5 சதவீதம்.

மைத்துனருக்கு முதலாவதில்தான் கண். அடுப்பே பற்றவைக்காத கடைக்கு வாடகை கட்டுவது யாருக்கும் வயிற்றெரிச்சல்தான். கையில் நிற்கும் 60,000 ரூபாயில் மாவு பிசையும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்று ஆண்டில் காலி செய்வதாக இருந்தால் அவர் சொன்னதே சரி. இலவச மாதங்களைக் கழித்தபின் சுமார் 37,500 ரூபாய் மிச்சம். நான்காம் ஆண்டு முடிவில் அந்த மிச்சம் 13,000 ஆகச் சுருங்குகிறது. ஐந்தாம் ஆண்டில் தராசு சாய்ந்துவிடுகிறது: 7 சதவீதத்தில் மொத்தம் 20.10 லட்சம், 5 சதவீதத்தில் 19.89 லட்சம். அதைவிட எனக்கு உறுத்தியது ஐந்தாம் ஆண்டின் மாத வாடகை. ஒன்றில் 39,324, மற்றதில் 36,465. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேச்சு அந்த எண்ணிலிருந்துதானே தொடங்கும்! துணிக்கடை என்றால் அலமாரியைக் கழற்றிக்கொண்டு போகலாம். புகைபோக்கியோடு கட்டிய அடுப்பை எங்கே தூக்கிப் போவது? அதனால் 5 சதவீதத்தையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

இலவச மாதம் தருகிறேன் என்பவரிடம் எந்தத் தேதியிலிருந்து என்று கேட்காமல் விடக்கூடாது. ஒப்பந்தத் தேதியிலிருந்து என்றால், ஷட்டர் பொருத்தவும் மின் இணைப்பு வரவும் ஆகும் வாரங்கள் நம் கணக்கில் கரையும். ஜூனில் கையெழுத்துப் போட்டால் இந்த மாவட்டத்தில் மழையும் சேர்ந்துகொள்ளும். பூசிய சுவர் காயாது. கடைசியில் நாங்கள் அனுப்பியது இது:

“மதிப்பிற்குரிய ஐயா, 5 சதவீத உயர்வுக்குச் சம்மதம். சந்தை நிலவரம் எதுவாயினும் உயர்வு அதற்கு மிகாமல் இருக்க வேண்டும். முதல் உயர்வு, வாடகை தொடங்கி 12 மாதம் முடிந்த பின்னரே. வாடகையோ, மின் இணைப்புடன் சாவி கையில் கிடைக்கும் நாளிலிருந்து தொடங்கட்டும். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்பதால் பதிவு செய்துகொள்வோம். பதிவுச் செலவில் பாதி எங்களுடையது.”

பதிவுச் செலவைத் தவிர வேறெதையும் அவர் மறுக்கவில்லை. அதை முழுவதும் எங்கள் தலையில் கட்டினார். சாவி மூன்று வாரம் தாமதமாகத்தான் வந்தது; அந்த மூன்று வாரத்துக்கு வாடகை இல்லை.