30 சதவீத நிலையமா, 40 சதவீத நிலையமா: ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நிலக்கரி?

அட்டன் குளிரில் 2000 வாட் மின்கேத்தல் மொத்தமாக அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் போய்விடும். பக்கத்தில் லக்ஷபான நீர்மின் நிலையம் இருந்தாலும், மின்கட்டமைப்பு ஒன்றுதான், நுரைச்சோலையில் எரியும் நிலக்கரிக்கும் அதில் பங்குண்டு.

இரண்டு அனல்மின் நிலையங்களை வைத்துப் பார்ப்போம். ஒன்றின் முழு வினைத்திறன் 30 சதவீதம், மற்றதற்கு 40. நிலக்கரி ஒன்றே, கிலோவுக்கு 6000 கிலோகலோரி.

ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி. முதல் நிலையத்தில் 860-ஐ 0.30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2867, அதை 6000-ஆல் வகுத்தால் 478 கிராம். இரண்டாவதில் 2150 கிலோகலோரி போதும், அதாவது 358 கிராம். யூனிட்டுக்கு 120 கிராம் மிச்சம். வினைத்திறன் கூடியது 10 புள்ளிதானே என்று நினைக்கிறோம், ஆனால் நிலக்கரி குறைவது கால் பங்கு!

வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவதுதான் நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை. 860-ஐ 0.30-ஆல் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 43 கிராம் வரும், பார்க்க அழகான விடைதான், ஆனால் வெப்பம் முழுவதும் மின்சாரமானாலும் 143 கிராம் வேண்டும், அதற்குக் கீழே வந்தால் கணக்கு தப்பு.

சரி, 40 சதவீத நிலையம்தான் மேல். ஆனால் நிலக்கரி ஈரமாகி வெப்பம் 5400-க்கு இறங்கினால், வினைத்திறன் மாறாவிட்டாலும் அதற்கே 398 கிராம் போகும், அதனால் கிராமை மட்டும் பார்த்து நிலையத்தைக் குறை சொல்லக்கூடாது.