தீபாவளி கிஃப்ட் செட்டா? பெட்டியைப் பிரிக்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

ரூ.34,000. ராணிப்பேட்டையில் எங்கள் தோல் கம்பெனி அலுவலகத்தின் தீபாவளிப் பரிசுப் பணம். வேலூரில் அழகுசாதனப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒரு கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றிவிட்டார். வயிறு எரிகிறது.

மாதிரிப் பெட்டியோடு அலுவலகத்துக்கே வந்தார். ஃபேஸ்வாஷ் 100 மில்லி, மாய்ஸ்சரைசர் 100 மில்லி, சன்ஸ்கிரீன் 50 கிராம், சோப்பு, லிப் பாம். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். மாய்ஸ்சரைசரைத் திறந்து என் புறங்கையில் தடவி, "அக்கா, உங்கள் வீட்டுக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கிறேன்" என்றார். பெட்டிமேல் ரூ.1,499 என்று ஸ்டிக்கர். "40 செட் எடுத்தால் 850 ரூபாய்தான், வீடுகளுக்கு 5 செட் எடுப்பவர்களுக்கு 1,100" என்றார். பேச்சில் அப்படி ஒரு பணிவு! ரூ.20,000 முன்பணம் கொடுத்தோம்.

சரக்கு வந்த அன்று, எல்லாப் பெட்டியும் பிளாஸ்டிக் தாள் இறுக்கிச் சுற்றி, ரிப்பன் கட்டி வந்தது. பிரித்தால் பரிசின் அழகு கெட்டுவிடும் என்று டெலிவரிப் பையன் தடுத்தான். மீதி ரூ.14,000 கைமாறியது.

வீட்டுக்குக் கொண்டுபோன ஒருவர்தான் முதலில் பிரித்தார். ஃபேஸ்வாஷ் 50 மில்லி. மாய்ஸ்சரைசர் 30 மில்லி. சன்ஸ்கிரீன் 15 கிராம், அதுவும் அடுத்த மாதம் காலாவதி. பொருள்கள் ஆடாமல் நிற்க அடியில் அட்டை மேடை. அதனால்தான் பெட்டி நிறைந்து தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருந்த எம்.ஆர்.பி.யைக் கூட்டினேன்: 110, 95, 120, சோப்பு 45, லிப் பாம் 60. மொத்தம் 430 ரூபாய்! 1,499 என்பது அவர்களே ஒட்டிய எண். 17,200 ரூபாய்ச் சரக்கை ரூ.34,000க்கு நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

போன் செய்தால், "கம்பெனி பேக்கிங் மாறிவிட்டது அக்கா" என்றார். பிறகு, "பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது." பிரிக்காமல் எப்படித் தெரியும்? நேரில் போனால் முதலாளி சென்னைக்குப் போயிருக்கிறாராம். கையில் இருப்பது வெறும் எஸ்டிமேட் சீட்டு. '40 கிஃப்ட் செட்' என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, அளவும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. அந்த ரூ.34,000க்கு நான் நிர்வாகத்திடம் கணக்குச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் கையில் அந்த 15 கிராம் குப்பியைக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் தாங்கவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். பெட்டி விலையைப் பார்க்காதீர்கள், உள்ளே உள்ள ஒவ்வொன்றின் எம்.ஆர்.பி.யையும் கூட்டுங்கள். மில்லி, கிராம், காலாவதி மாதம் மூன்றையும் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். மாதிரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வந்த சரக்கில் ஏதாவது இரண்டு பெட்டியை டெலிவரிப் பையன் முன்பே பிரியுங்கள். அளவு, விலை அச்சிடுவதில் தில்லுமுல்லு என்றால் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் உதவி எண் 1915. நாளைக் காலை நான் அங்கேதான் போகிறேன், பிரித்த பெட்டியோடு.