கிளிக்கர்: இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

எங்கள் மணி ஒரு நாட்டு நாய். தெருவிலிருந்து வந்தவன், கூர்மையான காது, சாப்பாட்டில் ஆர்வம், பொறுமை மட்டும் கிடையாது. அவனைப் பழக்க வாங்கிய கிளிக்கரை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு தகடு, அழுத்தினால் 'டிக்-டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உளவியலாளர் ஸ்கின்னர் 1951-லேயே இதே மாதிரிச் சத்தமிடும் பொம்மையை வைத்து நாயைப் பழக்கும் முறையை எழுதியிருக்கிறார்.

அந்தச் சத்தத்துக்குத் தானாக எந்த அர்த்தமும் இல்லை. முதலில் கிளிக், உடனே ஒரு துண்டு கோழி. இதையே கொஞ்ச நேரம் செய்தால், சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையைத் தேடும். அதுதான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதற்கு அடையாளம். துண்டு பட்டாணி அளவில் இருந்தால் போதும். நான் வேகவைத்த கோழியை உப்பு, மசாலா இல்லாமல் நறுக்கிக்கொள்வேன். பழக்கத்துக்குக் கொடுப்பதைச் சாப்பாட்டு அளவில் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் நாய் பெருத்துவிடும்.

இந்தக் கருவியின் முழுப் பலனும் நேரத்தில்தான் இருக்கிறது. சத்தம் கேட்ட நொடியில் நாய் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதற்குத்தான் கூலி என்று அது எடுத்துக்கொள்ளும். 'உட்கார்' பழக்கும்போது பின்பக்கம் தரையைத் தொடும் கணத்தில் கிளிக் விழ வேண்டும். அரை நொடி தாமதித்தால் நாய் ஏற்கெனவே எழ ஆரம்பித்திருக்கும், எழுவதற்கே கிளிக் விழும். உட்கார்ந்த வேகத்தில் ஸ்பிரிங் மாதிரி எழும் நாயைப் பார்த்தால் முதலில் கிளிக்கரைப் பிடித்திருக்கும் கையைச் சந்தேகப்படுங்கள். நாயை ஒதுக்கி வைத்துவிட்டு, யாரையாவது பந்தைக் கீழே போடச் சொல்லி அது தரையைத் தொடும்போது அழுத்திப் பழகலாம். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் கை திருந்தும்.

இன்னொன்று, கிளிக் விழும்வரை தீனிக் கை அசையக் கூடாது. கை முதலில் பைக்குள் போனால் நாய் கையைத்தான் பார்க்கும், சத்தம் அதற்குப் பொருட்டே இல்லை.

'உட்கார்' சுலபம். துண்டை மூக்கருகே வைத்து மெதுவாகத் தலைக்கு மேலே பின்னோக்கிக் கொண்டுபோனால் தலை உயரும், பின்பக்கம் தானாக இறங்கும். சில முறைக்குப் பிறகு வெறும் கையால் அதே சைகையைக் காட்ட வேண்டும், தீனி கிளிக்குக்குப் பிறகு மற்றக் கையிலிருந்து வரட்டும். தீனியைக் காட்டியே நீட்டித்தால், தீனி தெரிந்தால்தான் உட்காரும் நாய் கிடைக்கும்.

'படு' எங்களுக்கு இழுத்தடித்தது. உட்கார்ந்த நிலையில் துண்டை மூக்கிலிருந்து நேராக முன்னங்கால்களுக்கு நடுவே இறக்கினால், மணி பின்பக்கத்தைத் தூக்கிவிட்டுத் தலையை மட்டும் குனிவான். முழுதாகப் படுக்கும்வரை காத்திருந்தால் சலித்துப்போய் விலகிவிடுவான். அதனால் வேலையைத் துண்டாக்கினேன். பின்பக்கம் எழாமல் தலை தாழ்ந்தால் கிளிக். அது உறுதியானதும் தோள் இறங்கினால்தான் கிளிக். அப்புறம் ஒரு முழங்கை, கடைசியில் இரண்டும் தரையில். மொசைக் தரை வழுக்கியதால் பழைய பாயை விரித்தேன், வித்தியாசம் அன்றே தெரிந்தது. படுத்த பிறகு தீனியைத் தரையில், முன்னங்கால்களுக்கு நடுவே வைத்தேன். மேலே நீட்டினால் எழுந்துவிடுவான். அடுத்த முறைக்கு எழுப்ப ஒரு துண்டைத் தள்ளி எறிந்தால் போதும்.

வார்த்தையை ஆரம்பத்திலேயே சொல்லத் தேவையில்லை. சைகைக்கு நிச்சயம் செய்வான் என்று தெரிந்த பிறகு, 'படு' என்று சொல்லி, ஒரு நொடி விட்டு, பிறகு சைகை. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் நாய் கையைத்தான் கவனிக்கும், வார்த்தை காதில் ஏறாது. சில நாளில் அந்த இடைவெளியிலேயே படுக்க ஆரம்பித்தான். வீட்டில் அம்மா "உக்காருடா கண்ணு", தம்பி "சிட்" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் 'உட்கார்' என்ற ஒன்றுக்கே வந்தோம். 'உட்கார்' என்றதும் உட்கார்ந்து, உடனே படுத்தும் காட்டுவது புதிதாக 'படு' கற்ற நாய்களின் வழக்கம். அப்போது படுத்ததற்குக் கிளிக் இல்லை. இரண்டையும் வரிசை மாற்றிக் கேட்டால் பிரித்துக்கொள்ளும்.

கருவியைப் பற்றி: பெட்டி வகையின் சத்தம் பெரிது. மணி முதலில் காதை மடக்கினான், சட்டைப் பைக்குள் வைத்து அழுத்தியதும் சரியானான். எங்கள் கடற்கரைக் காற்றில் அந்தத் தகடு துருப்பிடித்து, அழுத்தினாலும் சத்தம் வராமல் போனது. இப்போது பொத்தான் வகை, சத்தம் மெலிது, மணிக்கட்டில் மாட்டக் கயிறும் உண்டு. கயிறு முக்கியம், சங்கிலி, தீனி, கிளிக்கர் மூன்றையும் பிடிக்க இரண்டு கைதானே இருக்கிறது.

பட்டாசுப் பயத்துக்கோ, வாசலில் ஆள் வந்தால் குரைப்பதற்கோ இதை அழுத்தினால் மட்டும் தீர்வு கிடைக்காது. பயந்த நாய் தீனியையே தொடாது. கூப்பிடும் விசிலாகவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. தெரிந்த 'உட்கார்', 'படு' இரண்டுக்கும் இப்போது கிளிக்கர் எடுப்பதே இல்லை, "நல்ல பையன்" என்ற சொல்லும் அவ்வப்போது ஒரு துண்டும் போதும். இப்போது பாயில் போய் நிற்கப் பழக்குகிறேன், அதற்குத்தான் மறுபடி டிராயரிலிருந்து வெளியே வந்திருக்கிறது.