இருபண்புக் கலப்புக்குப் பன்னட் கட்டமா, கிளைப்படமா?

பிளஸ் டூ மாணவர்களுக்கு மரபியல் சொல்லிக்கொடுக்கிறேன். இருபண்புக் கலப்புக் கணக்குக்கு இரண்டு வழிகள் உண்டு. பதினாறு அறைகள் கொண்ட பன்னட் கட்டத்தை வரைந்து எண்ணுவது ஒன்று. ஒவ்வொரு பண்பையும் தனியாகப் போட்டு, கிளைகளில் வரும் பின்னங்களைப் பெருக்குவது மற்றொன்று. நான் கட்டத்தைத்தான் முதலில் கற்றுத்தருகிறேன்.

வேகம் என்று பார்த்தால் கிளைப்படம்தான். பட்டாணியில் RrYy செடியைத் தன்னோடேயே கலந்தால் உருண்டை விதை 3/4, மஞ்சள் விதை 3/4. பெருக்கினால் உருண்டை மஞ்சள் 9/16. ஒரே வரியில் வேலை முடிந்தது. கட்டத்துக்கு முழுப் படமும் வேண்டும்:

```
      RY    Ry    rY    ry
RY   RRYY  RRYy  RrYY  RrYy
Ry   RRYy  RRyy  RrYy  Rryy
rY   RrYY  RrYy  rrYY  rrYy
ry   RrYy  Rryy  rrYy  rryy
```

இதை வரைய ஆகும் நேரம் வீணில்லை. மேல் வரிசையிலும் இடது ஓரத்திலும் இருப்பவை கேமீட்டுகள். ஒவ்வொரு கேமீட்டிலும் R வகையில் ஓர் எழுத்து, Y வகையில் ஓர் எழுத்து இருக்க வேண்டும். ஓரத்தில் Rr, Yy என்று எழுதுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஓரங்களை இங்கே காட்டிய வரிசையிலேயே எழுதினால், படமே சரிபார்த்துக் கொடுக்கும். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் நான்கு அறைகளும் இரண்டு ஜீன்களிலும் தூயவையாக இருக்கும். எதிர் மூலைவிட்டத்தில் நான்கும் RrYy. இந்த இரண்டும் சரியாக அமையாவிட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. கிளைப்படத்தில் கூட்டுத்தொகை 1 வருகிறதா என்று பார்க்கலாம்தான். ஆனால் விடை சரியில்லை என்றால் எந்த இடத்தில் சறுக்கினோம் என்று அது காட்டாது.

என்னைக் கட்டத்தின் பக்கம் சாய்த்தது வேறொரு விஷயம். 9:3:3:1 புறத்தோற்ற விகிதம், எல்லோருக்கும் மனப்பாடம். கேள்வி அதோடு நின்றுவிடாது. ‘உருண்டை மஞ்சள் விதைகளில் எத்தனை பங்கு RrYy?’ என்று கேட்டால் பலர் 4/16 என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 4/9. பச்சை விதைகளும் சுருங்கிய விதைகளும் கேள்விக்கு வெளியே போய்விட்டதால் மொத்தம் 16 இல்லை, 9. கிளைப்படத்தில் 4/16-ஐ 9/16-ஆல் வகுக்க வேண்டும் என்று தானாகத் தோன்ற வேண்டும். கட்டத்தில் R, Y இரண்டு பெரிய எழுத்துகளும் உள்ள அறைகளுக்கு வண்ணம் அடித்தால் போதும், ஒன்பது அறைகள் கண்முன் நிற்கும். அவற்றுக்குள் RRYY 1, RRYy 2, RrYY 2, RrYy 4. புறத்தோற்றம் வண்ணத்தில் தெரிகிறது, ஜீனாக்கம் எழுத்தில் தெரிகிறது. ஒன்றுக்குள் மற்றொன்று அடங்கியிருப்பது அப்படியே தெரிகிறது.

மெண்டல் இதைத் தோட்டத்திலேயே சோதித்தார். 1866இல் வெளியான கட்டுரையில் அவருக்குக் கிடைத்த விதைகள் 556. அவற்றில் உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. அப்புறம் அந்த 315 விதைகளையும் விதைத்தார். 301 செடிகள் விதை தந்தன. ஒரு செடியின் விதைகள் எத்தனை வகையாகப் பிரிகின்றன என்று பார்த்து அதன் ஜீனாக்கத்தை அறிந்தார். RRYY 38, RRYy 65, RrYY 60, RrYy 138. வண்ணம் அடித்த ஒன்பது அறைகளின்படி எதிர்பார்க்க வேண்டியது ஏறக்குறைய 33, 67, 67, 134. எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! கட்டம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எடுத்த எண்ணிக்கை இது.

மூன்று பண்புகள் என்றால் 64 அறைகள். அங்கே நானும் கிளைப்படத்துக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் போட்டுப் பழக்கம் எனக்குக் குறைவு.

இரண்டு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் கதை மாறிவிடும். பேட்சன், சாண்டர்ஸ், பன்னட் மூவரும் இனிப்புப் பட்டாணியில் பூ நிறத்தையும் மகரந்த வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, 381 செடிகளில் ஊதா நீளம் 284, ஊதா உருண்டை 21, சிவப்பு நீளம் 21, சிவப்பு உருண்டை 55 வந்தன. கடைசி வகை 16இல் ஒரு பங்கு என்றால் சுமார் 24தான் இருக்க வேண்டும். இந்த மாதிரிக் கணக்கில் இரண்டு பண்புகளின் பின்னங்களை நேராகப் பெருக்கவே கூடாது. கட்டத்தையும் அப்படியே எண்ண முடியாது, ஏனென்றால் நான்கு கேமீட்டுகளும் கால் கால் பங்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு கேமீட்டின் உண்மையான பங்கையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அறைக்கு அறை பெருக்கிப் போட்டால் அதே கட்டம் வேலை செய்யும்.