லாக்கரா, அடகா, வீட்டுப் பீரோவா: நகை தொலைந்தால் யார் எவ்வளவு தருவார்கள்?

முப்பது பவுன் நகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க பவுன் 1 லட்சம் ரூபாய் என்றால், மொத்தம் 30 லட்சம். இதை எங்கே வைப்பது?

பெரும்பாலானோர் வங்கி லாக்கரைத்தான் சொல்வார்கள். வாடகை ஊருக்கும் அளவுக்கும் வங்கிக்கும் தகுந்தபடி மாறும். நம் கணக்குக்குச் சிறிய லாக்கருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,360. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் உள்ளே இருப்பது போய்விட்டால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு தொகைக்கு வங்கி பொறுப்பு. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி இது. அதாவது 2 லட்சம் ரூபாய், முப்பது பவுனுக்கு இரண்டு பவுன். ஆண்டுக்கு 8,000 ரூபாய் வாடகையுள்ள பெரிய லாக்கரில் அதே நகையை வைத்தால் 8 லட்சம். ஆக, நகையின் மதிப்புக்கும் வங்கியின் பொறுப்புக்கும் தொடர்பே இல்லை.

காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் ஊழியர் உங்களோடு உள்ளே வந்து தன் சாவியைப் போட்டுத் திருப்புவார். நீங்கள் உங்கள் சாவியால் திறப்பதற்குள் அவர் வெளியே போய்விடுவார். அந்தத் தனிமைதான் லாக்கரின் வசதி, பிரச்சினை வந்தால் அதுவே பலவீனம்.

கொல்கத்தாவில் வாடகை கட்டியிருந்தும் 1994-ல் ஒருவரது லாக்கரை வங்கியே உடைத்துத் திறந்தது. ஏழு நகை இருந்ததாக அவர் சொன்னார், வங்கி இரண்டுதான் இருந்தது என்றது. உச்ச நீதிமன்றம் 2021-ல் சேவைக் குறைபாட்டுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் உள்ளே எத்தனை இருந்தன என்ற கேள்வியை சிவில் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. ஆறு மாதத்துக்குள் விதி வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டதும் இந்தத் தீர்ப்புதான். அந்த 100 மடங்கு அப்படி வந்ததுதான்.

வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் என்றால் இந்த 100 மடங்கும் கிடையாது. ஆகவே தாழ்வான பகுதியில், தரைத்தளத்திலோ அதற்குக் கீழோ லாக்கர் அறை இருந்தால் நான் வேறு கிளை பார்ப்பேன். நகை நனைந்தாலும் தங்கம்தான், பத்திரம் அப்படி இல்லை. ரொக்கம் வைக்கவே கூடாது. 2023-ல் மொராதாபாத்தில் லாக்கரில் இருந்த 18 லட்சம் ரூபாய் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது.

சரி, அடகு? பணத்தேவை இல்லாமல், பாதுகாப்புக்காகவே நகையை அடகு வைப்பவர்கள் நம்மூரில் உண்டு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் கணக்கு பொருந்துகிறது. முப்பது பவுனை வைத்து 20,000 ரூபாய் மட்டும் கடன் வாங்கினால், 10 சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். லாக்கர் வாடகையேதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே மதிப்பீட்டாளர் உங்கள் கண்முன்னே எடைபோட்டு, தரம் பார்த்து, கல் எடையைக் கழித்து எழுதித் தருகிறார். தொலைந்தால் அந்தச் சீட்டுதான் சாட்சி, பேச்சு நகையின் மதிப்பை வைத்தே நடக்கும். ஆனால் இவ்வளவு நகைக்கு இவ்வளவு சிறிய கடன் தர சில கிளைகள் ஒத்துக்கொள்ளாது. தவணை முடியும்போது மறந்தால் ஏல நோட்டீஸ் வரும். கல்யாணத்துக்குப் போட வேண்டுமென்றால் கடனை அடைத்து மீட்டு, திரும்ப வைக்க வேண்டும். அடிக்கடி அணியாத, கல் இல்லாத நகைக்கு மட்டுமே இது சரிப்படும்.

வீட்டுப் பீரோவுக்கு வாடகை இல்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை. வீட்டுக் காப்பீட்டில் நகையைத் தனியாகச் சேர்த்தால்தான் ஏதாவது கிடைக்கும். அதிலும் பூட்டு உடைத்த அடையாளம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

என் தேர்வு, லாக்கரும் அதன் உள்ளடக்கத்துக்குத் தனிக் காப்பீடும். அந்தக் காப்பீட்டை வங்கி விற்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமேதான் காப்பீட்டு நிறுவனத்திடம் போக வேண்டும், லாக்கரில் இருக்கும்போதும் பொருந்துமா என்று பாலிசியில் எழுத்தாகப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டுச் சான்று, ரசீது, நகைகளின் படம் மூன்றையும் லாக்கருக்கு வெளியே வையுங்கள். வருடம் ஒருமுறையாவது போய்த் திறந்தும் பாருங்கள். வாடகை ஒழுங்காகக் கட்டினாலும் ஏழு ஆண்டு திறக்காமல் கிடந்து, உங்களையும் தேடிப் பிடிக்க முடியாவிட்டால், வங்கி அதை உடைத்துத் திறக்கலாம்.